நாலு லட்சம் லிட்டர் எங்களால் ஆகாது

போன ஐப்பசியில் எங்கள் செக்கு மில்லை விலைக்குக் கேட்டு வந்தார்கள். பேர் சொன்னால் எல்லாருக்கும் தெரிகிற எண்ணெய் நிறுவனம். பேசியதை வெளியே சொல்வதில்லை என்று முதலிலேயே தனியாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் பேர் வேண்டாம். தொகைகளையும் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றித்தான் எழுதுகிறேன். மரியாதையாகக் கேட்டார்கள், நல்ல விலையும் சொன்னார்கள். மூன்று மாதம் யோசித்து, தை மாதம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். "கோடியில கேட்டாங்களாமே, ஏன் கண்ணு விட்டீங்க?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

எங்கள் மில் காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாரு ஒற்றை மாட்டுச் செக்கில் ஆரம்பித்தது. இப்போது மோட்டாரில் ஓடும் எட்டு வாகை மரச் செக்கு. ஆட்டுவது எள் மட்டும்தான். அவர்கள் வந்தபோது அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் சம பங்குதாரர்கள். புட்டியில் இருக்கிற பேர் அப்பத்தாவின் பேர்.

ஒரு செக்கில் ஒரு தடவைக்கு 15 கிலோ எள் போடுவோம். ஆட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். எள் மாவாகி ஓரத்தில் ஏற ஆரம்பிக்கும்போது சுமார் ஒண்ணே கால் கிலோ கருப்பட்டியை உடைத்துப் போட்டு, கையால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதை எப்போது போடுவது என்பதுதான் வேலையே. முன்னாடி போட்டால் மாவு களிமாதிரி இறுகிக்கொள்ளும். தாமதித்தால் மாவு சூடேறி எண்ணெய் கருகல் வாடை அடிக்கும். சித்தப்பா செக்கைப் பார்க்கக்கூட மாட்டார். உலக்கை உரலில் உரசும் சத்தம் கரகரவென்று இருந்தது நெகிழ்ந்து ஒரு மாதிரி 'முணு முணு' என்று ஆகும்போது எழுந்து போய்ப் போடுவார். முடிவில் ஆறு லிட்டருக்கு மேல், நல்ல எள்ளாக இருந்தால் ஆறே முக்கால் வரைக்கும் எண்ணெய் இறங்கும். மூன்று நாலு நாள் தெளியவிட்டு, அடியில் மண்டி தங்கியபின் மேலாக எடுத்து அடைப்போம். எட்டுச் செக்கும் ஓடினால் ஒரு நாளைக்கு 320 லிட்டர், வருசத்துக்குத் தோராயமாக 90,000 லிட்டர்.

வந்தவர்களில் மூத்தவர், அவர்கள் கம்பெனியில் புதுத் தொழில்களை வாங்குவதற்குப் பொறுப்பானவர், அன்று பூராவும் செக்கடியில் நின்றார். அப்பா புது எண்ணெயை அவர் உள்ளங்கையில் ஊற்றினார். நக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கம்மா தலைக்குத் தேய்ச்சு விடுற எண்ணெய் இப்படித்தாங்க இருக்கும்" என்றார். அதை நான் வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன்.

விலையை எப்படிப் போட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் விளக்கினார்கள். வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை எடுத்துக்கொண்டு அதை ஒரு எண்ணால் பெருக்குவது வழக்கம். எங்கள் கணக்கில் அந்த லாபம் 45 லட்சம். அதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க மூணு பேரும் சம்பளம் எடுக்கறதில்லை. நாளைக்கு உங்க மூணு பேர் வேலைக்கு ஆள் வச்சா வருசம் 15 லட்சமாவது ஆகும். அதைக் கழிச்சாத்தான் இந்தத் தொழிலோட உண்மையான லாபம்" என்றார் அவர்களுடைய கணக்காளர். ஆக 30 லட்சம், பத்து மடங்கு, 3 கோடி. இடமும் கட்டடமும் எங்களுடையதாகவே இருக்கும், அவர்கள் வாடகை தருவார்கள்.

அப்பாவுக்கு முதலில் சுருக்கென்றது. நாற்பது வருசமாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எள் காயப்போட்டதை ஒரு கழித்தலாகப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எனக்கு அது சரியான கணக்கு என்றே பட்டது. லாபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் கூலி. அதை நாங்களே இத்தனை வருசம் எழுதிப் பார்த்ததில்லை. குடும்பத் தொழில் வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும், யாரும் விலைக்குக் கேட்காவிட்டாலும், இந்த ஒரு கழித்தலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் டேர்ம் ஷீட் வந்தது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் முக்கியமான நிபந்தனைகளை நாலைந்து பக்கத்தில் எழுதித் தருவார்களே, அது. பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ரகசியம் காப்பதும், இத்தனை நாளைக்கு வேறு யாரோடும் விலை பேசக்கூடாது என்பதும் கையெழுத்துப் போட்ட நிமிசத்திலிருந்து கட்டும். எங்களுக்கு 60 நாள் போட்டிருந்தார்கள். ஆடிட்டர் அதைக் கையில் கொடுத்து, "மொத்தத் தொகையைப் பார்க்காதீங்க. அது எப்பெப்ப, எதுக்கு வருதுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தோம். கைமாறும் அன்றைக்கு 1 கோடியே 80 லட்சம். முப்பது லட்சத்தைப் பதினெட்டு மாதம் பிடித்து வைப்பார்கள்; பழைய வரிப் பாக்கி, வழக்கு எதுவும் கிளம்பாவிட்டால் தருவார்கள். இது நியாயமானது, எல்லாரும் கேட்பது. மிச்சம் 90 லட்சம் மூன்றாம் வருச முடிவில், விற்பனை ஒரு அளவைத் தொட்டால்தான். அந்த அளவு, வருசத்துக்கு 4 லட்சம் லிட்டர்.

அந்த வரியை அன்று ராத்திரி திரும்பத் திரும்பப் படித்தேன். உற்பத்தி முறையை மாற்றப்போகிறோம் என்று அந்த ஐந்து பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. மாற்ற மாட்டோம் என்றும் இல்லை. நேரில் பேசும்போது, "உங்க முறைதானுங்க எங்களுக்கு வேணும்" என்றுதான் சொன்னார்கள், மனசாரத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு எண்ணிக்கையை நோட்டில் எழுதிப் பின்னாலிருந்து கணக்குப் போட்டால் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது.

எட்டுச் செக்கில் 90,000 லிட்டர் என்றால் 4 லட்சத்துக்கு முப்பத்தாறு செக்கு வேண்டும். முப்பத்தாறு செக்கு வாங்கிவிடலாம், காசு அவர்களுடையது. சத்தம் கேட்டுக் கருப்பட்டி போடுகிற ஆள் எங்களிடம் நாலு பேர். அதில் இரண்டு பேர் சித்தப்பாவிடம் ஆறு வருசம் நின்று கற்றவர்கள். மூன்று வருசத்தில் பதினைந்து இருபது பேரை அப்படித் தயார் செய்ய எங்களுக்குத் தெரிந்து வழி இல்லை.

கருப்பட்டி அதைவிடப் பெரிய சிக்கல். இப்போது வருசத்துக்குச் சுமார் 17 டன் வாங்குகிறோம். உடன்குடிப் பக்கம் ஆறு குடும்பங்கள், அப்பா காலத்திலிருந்து பழக்கம். 4 லட்சம் லிட்டருக்கு 75 டன் வேண்டும். சந்தையில் 75 டன் கிடைக்காது என்று சொல்லவில்லை, கிடைக்கும். ஆனால் பதநீர் இறங்குவது வருசத்தில் சில மாதம்தான், பனையேறுகிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் சந்தைக்கு வருகிற கருப்பட்டியில் சீனி கலந்ததே நிறைய. எங்கள் வீட்டில் புதிதாக ஒரு வட்டு வந்தால் அப்பத்தா அதை உடைத்துப் பார்ப்பாள். உடைந்த இடத்தில் மினுமினுவென்று பளபளப்பு தெரிந்தால் ஒதுக்கி வைத்துவிடுவாள். நாக்கில் போட்டால் உடனே தித்திக்கக்கூடாது, மெதுவாகக் கரைந்து கடைசியில் லேசாக உப்புக் கரிக்க வேண்டும் என்பாள். அப்படி ஒவ்வொரு வட்டாகப் பார்த்து 75 டன் வாங்க யாராலும் முடியாது. முடியாதபோது என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். அன்றைக்கு வந்தவர்களில் இளையவர் ஒருவர், "கரும்பு ஆலை மொலாசஸ் போட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டார். தப்பான கேள்வி இல்லை. பெரிய ரோட்டரி மில்களில் எள்ளுக்கு அதைத்தான் ஊற்றுகிறார்கள். எண்ணெய் பிரிந்து வரும், விலையும் குறையும். அந்த எண்ணெயையும் நல்லெண்ணெய் என்று தாராளமாக விற்கலாம், யாரையும் ஏமாற்றுவதாகாது. ஆனால் அது வேறு எண்ணெய். அதை அப்பத்தா பேர் போட்ட புட்டியில் ஊற்ற முடியாது.

எள்ளையும் சொல்ல வேண்டும். 200 டன் எள்ளைச் சித்தப்பா சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூட ஏலத்திலும், தெரிந்த காட்டுக்காரர்களிடமும் கையால் அள்ளிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். நாலைந்து எள்ளை வாயில் போட்டு மென்றாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஈரம் மிஞ்சின எள் குவியலுக்குள் சூடேறிச் சிக்கு வாடை பிடிக்கும், ஆட்டினால் எண்ணெயில் கசப்பு இறங்கும். 900 டன் என்றால் தரகர் வழியாகத்தான் வாங்க வேண்டும், வெளி மாநிலத்து லாரியும் வரும்.

ஆக, அந்த 90 லட்சம் எங்களுக்கு வர வேண்டுமானால் மரச்செக்கை ஓரம் கட்டிவிட்டு, ஒரு நாளைக்கே சில டன் எள்ளைப் பிழிந்து தள்ளுகிற எக்ஸ்பெல்லருக்குப் போக வேண்டும். அதைக் கேட்கப்போவது அவர்கள் அல்ல, நாங்கள். மூன்றாம் வருசம் நெருங்க நெருங்க நானே, "அப்பா, இந்த ஒரு வருசம் மட்டும்" என்று சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதுதான் அந்த நிபந்தனையில் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது காரணம், விற்ற பிறகு நாங்கள் என்ன செய்யக்கூடாது என்பது. ஐந்து வருசத்துக்குத் தென் மாநிலங்களில் எங்கேயும் எண்ணெய் வித்து சம்பந்தமான எந்தத் தொழிலும் நாங்களோ, எங்கள் குடும்பத்தாரோ செய்யக்கூடாது என்று இருந்தது. இந்த மாதிரித் தடையெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஒரு சொந்தக்காரர் தைரியம் சொன்னார். பாதி சரி. 1872ஆம் வருச இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதே பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: தொழிலின் நற்பெயரை விற்றவர், வாங்கியவர் அதே தொழிலை நடத்திக்கொண்டிருக்கிறவரை, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே மாதிரித் தொழில் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லை நியாயமானதா என்று கோர்ட் பார்க்கும். நாங்கள் விற்பது அந்த நற்பெயரைத்தான். காசு கொடுத்து வாங்குகிறவர் அந்தத் தடையைக் கேட்பது நியாயம் என்பேன். ஆனால் என் தம்பி மகனுக்கு இப்போது பதினெட்டு வயசு. லீவு நாளில் செக்கடியில் நிற்கிற பையன். பரம்பரைத் தொழிலை அவன் தொடக்கூடாது என்று அவனைக் கேட்காமல் நான் எழுதிக் கொடுக்க முடியாது.

இதெல்லாம் என் காரணம், அப்பா காரணம். சித்தப்பா விற்கலாம் என்றுதான் சொன்னார்.

இதை மறைத்து எழுதினால் பாதி உண்மைதான் எழுதினதாகும். அவருக்கு 66 வயசு. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மகன் பெங்களூரில் இருக்கிறான், இந்தப் பக்கம் வருவதாக இல்லை. "எனக்கு அறுபது லட்சம் கையில வந்தா நானும் உங்க சித்தியும் யாருகிட்டயும் கைநீட்டாம இருந்துக்குவோம் கண்ணு. செக்கு எனக்கும் உசுருதான். ஆனா முட்டி கேக்கறதில்லையே" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நானும் அப்பாவும் கொள்கை பேசிக்கொண்டு, அவருடைய வயசான காலத்துப் பணத்தைத் தடுக்க எங்களுக்கு என்ன உரிமை? குடும்பத் தொழிலில் விற்க மாட்டோம் என்கிற முடிவுக்கு ஒரு விலை உண்டு. பல வீடுகளில் அதைக் கொடுப்பது முடிவெடுத்தவர்கள் இல்லை, வாயடைத்து உட்கார்ந்திருக்கிற இன்னொரு பங்காளி. பேச்சு நின்றுபோவது அங்கேதான்.

இரண்டு வாரம் ஆடிட்டரோடு உட்கார்ந்து, சித்தப்பாவின் பங்கை நாங்களே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். என்ன விலைக்கு என்பதற்குச் சண்டையே வரவில்லை, ஏனென்றால் வெளியாள் போட்ட விலை கையில் இருந்தது. நிச்சயமாக வரக்கூடியது என்று அவர்கள் எழுதின 2 கோடியே 10 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, 70 லட்சம். வருசம் 14 லட்சமாக ஐந்து வருசம், நிற்கிற பாக்கிக்கு வட்டியோடு. வட்டியைப் பற்றி ஒரு விஷயம்: பங்குதாரர் விலகி, கணக்கு முடிக்காமல் மற்றவர்கள் தொழிலை நடத்தினால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அவர் பங்குக்கு உரிய லாபத்தையோ வருசத்துக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம் என்று 1932ஆம் வருசக் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. நாங்கள் அதைவிடக் கூடவே போட்டு எழுதினோம். வட்டியும் தவணையும் கொடுத்தபின் எனக்கும் அப்பாவுக்கும் கையில் நிற்பது இந்த ஐந்து வருசமும் கம்மிதான். தெரிந்துதான் ஒத்துக்கொண்டோம். இந்தக் கணக்கு உதைத்திருந்தால், அல்லது மில்லின் தலையில் பெரிய கடன் இருந்திருந்தால், நான் விற்கத்தான் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம்தான் பதில் எழுத உட்கார்ந்தோம். டேர்ம் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். போட்டபிறகுதான் அவர்கள் வக்கீல், கணக்காளர் என்று ஆளை இறக்கி முழுச் சோதனை செய்வார்கள், நிறையச் செலவாகும். விற்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டு அந்தச் செலவை இழுத்துவிடுவது தப்பு. முதலில் அப்பா போனில் அந்த மூத்தவரிடம் நேராகச் சொன்னார். கடிதம் மறுநாள் போனது. அதிலிருந்து கொஞ்சம்:

"ஐயா, எங்கள் மில்லை நீங்கள் மதித்துப் பார்த்ததற்கும், கணக்கை ஒளிவு மறைவில்லாமல் எங்களுக்கு விளக்கியதற்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. நன்றாக யோசித்து, மில்லை விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நீங்கள் சொன்ன விலை குறைவு என்பது காரணமில்லை. ஆகவே விலையைக் கூட்டிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. வருசம் 4 லட்சம் லிட்டரை, வாகை மரச் செக்கிலும் நாங்கள் பார்த்து வாங்கும் கருப்பட்டியிலும் எங்களால் ஆட்டித் தர முடியாது. முடியாத ஒன்றை ஒப்புக்கொண்டு உங்கள் பணத்தை வாங்குவது சரியில்லை. அடுத்த தலைமுறை இந்தத் தொழிலைச் செய்ய முடியாதபடி எழுதிக் கொடுக்கவும் எங்களுக்கு மனமில்லை. எங்களிடமிருந்து பெற்ற கணக்குகளை அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் தந்தவற்றை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறோம்."

முதலில் எழுதினதில் 'இப்போதைக்கு' என்று ஒரு வார்த்தை இருந்தது. அப்பா அதை அடித்துவிட்டார். "இப்போதைக்குன்னு எழுதினா அடுத்த வருசம் மறுபடி வருவாங்க. நல்ல மனுசங்களை ஏன் அலைய விடறது?" விலையைப் பற்றின வரியைச் சேர்க்கச் சொன்னது ஆடிட்டர். அது இல்லாவிட்டால் இன்னொரு 50 லட்சம் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றார். அந்த வரி போனதால் அப்படி யாரும் வரவில்லை. கணக்குகளை அழித்துவிட்டதாக நாலு நாளில் பதில் வந்தது, கூடவே அந்த மூத்தவர் கையெழுத்திலேயே இரண்டு வரி வாழ்த்தும்.

நன்றி என்று எழுதினதைச் சம்பிரதாயமாக எழுதவில்லை. முதல் கட்டமாகக் காகிதங்களைப் பார்த்தபோதே அவர்கள் கண்டுபிடித்த ஒன்று எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பத்தா பேரில் இருக்கிற டிரேட்மார்க் இன்னும் அப்பாரு பேரில்தான் பதிவாகியிருக்கிறது. அப்பாரு காலமாகிப் பதிமூன்று வருசம். பத்து வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டியதை ஏஜென்ட் எப்படியோ புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார், வாரிசு பேருக்கு மாற்றுவதை யாரும் யோசிக்கவில்லை. வேறு யாராவது அதே பேரில் எண்ணெய் விற்று நாங்கள் கோர்ட்டுக்குப் போயிருந்தால் முதல் கேள்வியிலேயே திணறியிருப்போம். இப்போது மாற்றுவதற்கு மனுப் போட்டாயிற்று. இன்னொன்று, எங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கோயமுத்தூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் போகிறது என்பதைக் கணக்கு நோட்டில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். அவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் எங்களுக்கு ஜன்னி வரும். இந்த வருசம் அந்தப் பங்கைக் குறைக்கிறதுதான் என் வேலை.

கடைசியாக, அந்தக் கணக்காளர் போகும்போது சொல்லிவிட்டுப் போனது. எந்த எள், எந்தக் கருப்பட்டி, எந்தச் செக்கில், எத்தனை மணிக்கு ஆட்டினது என்று ஒரு நோட்டு போடுங்கள், எண்ணெய் கெட்டால் எதனால் என்று பிடிக்கலாம் என்றார். மாசி மாதத்திலிருந்து எழுதுகிறோம். அதில் ஒரு கட்டம் நானாகச் சேர்த்தது: எள் போட்ட எத்தனையாவது நிமிசத்தில் கருப்பட்டி போட்டது, அப்போது சத்தம் எப்படி இருந்தது. சித்தப்பா முதல் தவணையை வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். ஆனாலும் வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறார். தம்பி மகன் பக்கத்தில் நின்று அந்தக் கட்டத்தை நிரப்புகிறான். போன வாரம் ஒரு வரி: 'நான்காம் செக்கு, 19ஆம் நிமிசம், கரகரப்பு அடங்கி ரெண்டு சுத்து கழிச்சு.' அதன் கீழே சித்தப்பா பேனாவை வாங்கி அவர் கையாலேயே திருத்தியிருக்கிறார், 'மூணு சுத்து'.